பார்த்தவர்கள் வகுப்புக்கு வந்தார்களா? ஹட்டன் டியூட்டரி ஒன்றுக்கு நான்கு அளவு முறைகள்

ஹட்டன் நகரில் சனி, ஞாயிறு நாட்களில் தரம் 10 கணித வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள். ஆசிரியர் யூடியூப், பேஸ்புக், டிக்டொக் மூன்றிலும் கணக்குச் செய்து காட்டும் வீடியோ போடுகிறார். எட்டு வாரத்தில் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் பார்வை வந்துவிட்டது. அடுத்த தவணைக்கும் இதே உழைப்பைக் கொட்டுவதா, அல்லது அந்த நேரத்தையும் பணத்தையும் தோட்டங்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் செலவழிப்பதா என்பதே அவர் எடுக்க வேண்டிய முடிவு.

பார்வை எண்ணிக்கை இதற்குப் பதில் தராது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷோர்ட்ஸ் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. எத்தனை வினாடி பார்த்தார் என்ற நிபந்தனை கிடையாது, மறுபடி ஓடினால் அதுவும் சேரும். பேஸ்புக்கிலும் ஒரே ஆள் திரும்பப் பார்ப்பது எண்ணில் ஏறுகிறது. கணித வீடியோவை அதிகம் திரும்பப் பார்ப்பவர்கள் யார்? ஏற்கெனவே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள். பரீட்சை நெருங்கும் வாரத்தில் பார்வை ஏறுவதைப் பார்த்து ஆள் சேருகிறது என்று எண்ணுவது அதனால் பெரும் தவறாகிவிடும்.

"எந்த ஊரில் பார்க்கிறார்கள்" என்ற பட்டியலும் மலையகத்தில் கைகொடுக்காது. கைபேசி டேட்டாவில் பார்ப்பவரின் இடத்தை இணைய முகவரியை வைத்து ஊகிக்கும்போது, அந்தத் தொடர்பு வெளியேறும் இடமான கொழும்பே பல தடவை பதிவாகும். நோர்வூட்டில் லயத்து வாசலில் இருந்து பார்ப்பவரும் கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவருடைய அண்ணனும் பட்டியலில் ஒரே ஊர்க்காரர்களாகிவிடுவார்கள்.

ஆகவே கணக்கை மறுமுனையிலிருந்து, வகுப்பு வாசலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் "வந்தவர்" யார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வகுப்பு இலவசம் என்றால் தோழியோடு சும்மா வந்து போகிறவர்களும் இருப்பார்கள். மூன்றாவது வகுப்புக்கும் வந்தவரை "சேர்ந்தவர்" என்று எண்ணுவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. பஸ் காசு, நேரம், வீட்டுச் சம்மதம் மூன்றும் அதற்குள் தெரிந்துவிடும். கணக்கை மூடும் காலத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வீடியோ பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம் போதும். அதற்குள் தோட்டச் சம்பள நாள் குறைந்தது ஒரு தடவையாவது வந்துவிடும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் மூடினால், வர நினைத்துக் காசுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் வராதவர்களாக விழுந்துவிடுவார்கள்.

இனி நான்கு முறைகளைப் பார்ப்போம்: வாசலில் கேட்பது, வாட்ஸ்அப் இணைப்பில் குறி வைப்பது, இணையப் படிவமும் பார்வையாளர் பகுப்பாய்வும், தோட்டங்களை இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவது.

வாசலில் கேட்பது

மலிவான முறை இதுதான். ஒரு பதிவேடும் பேனாவும் போதும். ஆனால் பெரும்பாலான இடங்களில் கேள்வியைக் கேட்கும் விதமே பிழை. "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் "பேஸ்புக்ல பார்த்தோம் சேர்" என்று பதில் வரும். கைபேசியில் கண்ட எதையும் பேஸ்புக் என்று சொல்வது வழக்கம். அது டிக்டொக்காக இருக்கலாம், மாமா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த துண்டாகவும் இருக்கலாம். இன்னொன்று, சேரைச் சந்தோஷப்படுத்தும் பதிலைப் பிள்ளைகள் தேடிச் சொல்வார்கள்.

அதனால் ஒரு கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டும். "இந்த வகுப்பைப் பற்றி முதல் தடவை எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்பது ஒன்று. "வருவோம் என்று முடிவு செய்தது எதைப் பார்த்து, அல்லது யார் சொல்லி?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேறு வேறு பதில் வருவது சாதாரணம். அக்கா சொல்லித் தெரிந்துகொண்டு, வீடியோவைப் பார்த்த பிறகு மனம் வைத்தவர் இருப்பார். வீடியோவில் முதலில் கண்டும், பக்கத்து லயத்துப் பிள்ளை சேர்ந்த பிறகே புறப்பட்டவரும் இருப்பார். முடிவுக்கு வேண்டியது இரண்டாவது கேள்வி. பெற்றோர் கூட வந்திருந்தால் அதை அவர்களிடம் கேளுங்கள், கட்டணம் கொடுப்பவர்கள் அவர்கள்தான். கேட்பவர் ஆசிரியராக இருக்கக் கூடாது. பதிவேடு எழுதுகிறவர் கேட்டால் பதில் இன்னும் நேராக வரும்.

ஞாபகத்தை மட்டும் நம்பாமல் இருக்க ஒரு வழி உண்டு. போட்ட ஆறு வீடியோக்களின் முகப்புப் படங்களை ஒரு ஏ4 தாளில் அச்சடியுங்கள். ஏழாவதாக, இதுவரை எங்கும் போடாத ஒரு வீடியோவின் முகப்பை அதே பாணியில் செய்து நடுவில் வையுங்கள். "இதில் எதைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுக் கை காட்டச் சொல்லுங்கள். போடாத படத்தைச் சிலர் காட்டத்தான் செய்வார்கள். அது பொய் சொல்வதல்ல. எல்லாப் படத்திலும் அதே முகம், அதே எழுத்து என்பதால் பார்த்தது போலத் தோன்றும். ஆனால் முப்பது பேரில் மூவர் அதைக் காட்டினால், மற்ற ஒவ்வொரு படத்துக்கும் கிடைத்த கைகளிலும் ஏறக்குறைய அதே அளவு ஊகம் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் காட்டினால் அந்தத் தாளையே நம்பாதீர்கள். படங்களை ஒன்றுக்கொன்று வேறுபடும்படி மாற்றி அச்சடிக்க வேண்டும்.

சிலர் வீடியோவின் நடுவில் ஒரு சொல்லைச் சொல்லி, "இதை வாசலில் சொன்னால் வினாத்தாள் இலவசம்" என்பார்கள். கேட்க நல்ல யோசனை. ஆனால் அந்தச் சொல் திங்கட்கிழமை காலையே பாடசாலைக்குள் பரவிவிடும். பரவியதா என்று யூடியூப்பில் சோதிக்கலாம். வீடியோவின் தொடர்ந்து பார்த்தோர் வரைபடத்தில், அந்தச் சொல் வரும் நிமிடத்தில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பாருங்கள். தனிப் பார்வையாளர் 200, அந்த நிமிடத்தில் 20 சதவீதம் என்றால் சொல்லைக் கேட்டவர் சுமார் 40 பேர்தான். அந்த 40 பேரும் ஹட்டன் பக்கத்தவர்களாக இருக்க முடியாது. வாசலில் 35 பேர் அந்தச் சொல்லோடு வந்து நின்றால் அது பிள்ளைகளின் வாய்வழி வந்தது. சொல்லைப் பரப்பியதே நன்மைதானே என்று கேட்கலாம். நன்மைதான், ஆனால் வீடியோவின் அளவாக அதை எடுக்க முடியாது.

வாட்ஸ்அப் இணைப்பில் குறி

மலையகத்தில் வகுப்பு விசாரணை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் நடக்கும். ஆகவே பாதையின் நடுவில் ஒரு அடையாளம் போட அதுவே ஏற்ற இடம். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குறியோடு ஓர் இணைப்புச் செய்யுங்கள்:

```
https://wa.me/9477XXXXXXX?text=YT03%20Grade%2010%20Maths
```

இதைத் தொட்டால் வாட்ஸ்அப் திறந்து, "YT03 Grade 10 Maths" என்று எழுதி வைத்த செய்தி அனுப்பத் தயாராக நிற்கும். `YT03` என்பது யூடியூப்பில் போட்ட மூன்றாம் வீடியோ. அதே வீடியோ பேஸ்புக்கில் `FB03`. இலக்கத்தில் `+` வேண்டாம், முன்னால் வரும் 0 வேண்டாம், 94இல் தொடங்க வேண்டும். 077 என்று அப்படியே ஒட்டினால் இணைப்பு வேலை செய்யாது. இணைப்பைப் போடுகிறவரே ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் விடுவதால் இந்தப் பிழை வாரக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். செய்தியைத் தமிழில் வைத்தால் இணைப்பு மிக நீளமாகிப் பகிரும்போது உடைய இடமுண்டு. குறியைச் சிறிதாக ஆங்கில எழுத்தில் வைத்து, பதிலைத் தமிழில் அனுப்புவது நல்லது.

இந்த முறையின் பெரிய பலம் டேட்டா சம்பந்தப்பட்டது. பல வீடுகளில் சமூக வலைத்தளங்களுக்கு மட்டும் ஓடும் பொதிதான் போட்டிருப்பார்கள். யூடியூப்பும் வாட்ஸ்அப்பும் திறக்கும், வெளி இணையத்தளம் திறக்காது, அல்லது கணக்கிலிருந்து காசு கழியும். வாட்ஸ்அப் இணைப்பு அந்த வேலியைத் தாண்டத் தேவையில்லை.

பலவீனங்களும் உண்டு. ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகளும் அம்மாவும் பயன்படுத்தும் வீட்டில், ஒரே இலக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கு விசாரணை வரும். எழுதி வைத்த செய்தியை அழித்துவிட்டு "சேர் வகுப்பு எப்ப" என்று மட்டும் அனுப்புபவர்கள் இருப்பார்கள். அப்படிக் குறியில்லாமல் வருவதைத் தனியாக எண்ணுங்கள், ஊகித்து ஒரு குறிக்குள் போடாதீர்கள்.

ஷோர்ட்ஸ் விஷயம் தனியே கவனிக்க வேண்டியது. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷோர்ட்ஸ் வீடியோவின் விவரத்திலும் கருத்துகளிலும் போடும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. ஆகவே ஷோர்ட்ஸ் வழியாகக் குறியோடு செய்தி வரவில்லை என்பதை வைத்து அது பயனற்றது என்று தீர்மானிக்க வழியில்லை. அங்கே கதவே இல்லை. அதை வாசலில் காட்டும் முகப்புப் படத் தாளால்தான் அளக்க முடியும்.

வந்த செய்திகளையும் வகுப்புப் பதிவேட்டையும் பொருத்துவதில்தான் வேலை அதிகம். பெயரை வைத்துப் பொருத்த முடியாது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயர் இருவருக்கு இருக்கும், ஒரே பிள்ளையின் பெயரைப் பாடசாலையில் ஒருவிதமாகவும் வீட்டில் வேறுவிதமாகவும் எழுதுவார்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். அழைப்பு எடுக்கும் இலக்கம் வேறு சிம்மாக இருக்கலாம் என்பதால் "வாட்ஸ்அப் எந்த இலக்கத்தில்?" என்றே கேட்க வேண்டும். கூடவே தோட்டம், டிவிசன். கூகுள் ஷீட்டில் இலக்கங்கள் 077, +94 77, 77 என்று மூன்று விதமாக ஏறும். B நிரலில் உள்ள எல்லாவற்றையும் கடைசி ஒன்பது இலக்கமாக்கினால் பொருந்திவிடும்:

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(B2),"[^0-9]",""),9)
```

C நிரலில் குறியும் F நிரலில் எத்தனை வகுப்புக்கு வந்தார் என்பதும் இருந்தால், யூடியூப்பில் போட்ட மூன்றாம் வீடியோ வழியாகச் சேர்ந்தவர்கள் இத்தனை பேர் என்று இது சொல்லும்:

```
=COUNTIFS(C:C,"YT03",F:F,">=3")
```

இணையப் படிவமும் பகுப்பாய்வும்

நகரத்து விளம்பர வேலை செய்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். இணையத்தளம் ஒன்று, அதில் கூகுள் அனலிட்டிக்ஸ், இணைப்பின் வாலில் எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பு, கடைசியில் பதிவுப் படிவம். முழுப் பாடமும் இணையத்திலேயே நடந்து கட்டணமும் அங்கேயே செலுத்தப்பட்டால் இது அருமையான ஏற்பாடு. வகுப்பு ஹட்டனில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடக்கும்போது சங்கிலி படிவத்தோடு அறுந்துவிடும். படிவம் நிரப்பியவர் வந்தாரா என்பதை எப்படியும் பதிவேட்டைப் பார்த்துக் கையால்தான் பொருத்த வேண்டும். அப்படியானால் வாட்ஸ்அப் குறிக்கு மேல் இது தருவது மிகக் குறைவு.

நடைமுறையில் இன்னொரு இடறல். பேஸ்புக்குக்குள் இணைப்பைத் தொட்டால் அது பேஸ்புக்கின் உள் உலாவியில் திறக்கும். கூகுள் படிவத்தில் "Limit to 1 response" என்பதைத் தெரிவு செய்திருந்தாலோ, கோப்பு ஏற்றச் சொல்லியிருந்தாலோ கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். இப்படிப்பட்ட உள் உலாவிகளில் நுழைவதைக் கூகுள் தடுக்கிறது. நிரப்ப வந்தவர் அங்கேயே நின்றுவிடுவார், உங்களுக்கு எந்தத் தகவலும் வராது. சிலர் அதே இணைப்பைக் குரோமில் மறுபடி திறப்பார்கள். அப்போது அனலிட்டிக்ஸில் ஒருவர் இருவராகிறார்.

படிவம் வேண்டியே ஆக வேண்டுமென்றால் அனலிட்டிக்ஸை விட்டுவிட்டு, படிவத்தின் "Get pre-filled link" வழியாகக் குறியை முன்னரே நிரப்பிய இணைப்புகளை எடுங்கள். "குறி" என்ற கேள்வியில் `FB03` ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். நிரப்புபவர் அதை மாற்ற முடியும், ஆனால் மாற்றுபவர்கள் அரிது. கணக்கில் நுழையக் கேட்கும் எல்லா அமைப்புகளையும் நிறுத்திவிட மறக்காதீர்கள்.

தோட்டங்களைப் பிரித்து ஒப்பிடுவது

மேலே சொன்ன மூன்றும் "எந்த வழியாக வந்தார்" என்பதைச் சொல்லும். "வீடியோ இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா" என்று சொல்லாது. அண்ணன் போன வருடம் இதே வகுப்பில் படித்துச் சித்தியடைந்த வீட்டுப் பிள்ளை, வீடியோவின் இணைப்பைத் தொட்டு நேரம் கேட்டிருப்பார். அவரை வீடியோ கொண்டுவந்ததாக எழுதுவது நியாயமில்லை. பணம் கட்டி வீடியோவைப் பரப்பும் முடிவை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

வழி இது. பிள்ளைகள் வரக்கூடிய பன்னிரண்டு தோட்டங்களை எடுத்து, ஹட்டனுக்கு வரும் தூரமும் போன வருடம் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கும்படி ஆறு சோடியாக்குங்கள். ஒவ்வொரு சோடியிலும் நாணயம் சுண்டி ஒன்றைத் தெரிவு செய்து, அந்த ஆறு தோட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு மட்டும் வீடியோக்களை அனுப்புங்கள். மற்ற ஆறுக்கும் வழக்கமான நோட்டீஸ் மட்டும். ஆறு வாரம் கழித்து இரு பக்கத்திலும் மூன்றாம் வகுப்பு வரை வந்தவர்களை எண்ணுங்கள். "எப்படி வந்தீர்கள்" என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, தோட்டத்தின் பெயர் போதும்.

நாணயம் சுண்டுவதை விட்டுவிட்டு "இந்தத் தோட்டத்தில் ஆர்வம் அதிகம்" என்று நீங்களே தெரிவு செய்தால் ஒப்பீடு அந்த இடத்திலேயே கெட்டுப்போகும். ஆர்வமுள்ள தோட்டத்தில் எப்படியும் பிள்ளைகள் அதிகம் சேருவார்கள். சோடிகளை ஒரே மலைப்பக்கத்தில் வையுங்கள். ஹட்டன் பக்கத்துக்குப் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்தில். பதுளைப் பக்கத்துக்கு அது வருடக் கடைசியில். இரண்டு ஊரிலும் வகுப்பு நடத்துபவர் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் வீடியோவுக்குப் பதிலாக மழையை அளந்துகொண்டிருப்பார்.

சிறிய எண்களில் தற்செயல் பெரிதாகத் தெரியும் என்பதால் ஒரு சோதனை தேவை. இரு பக்க எண்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நம்பலாம். 14க்கு எதிரே 25 பேர் என்றால் வித்தியாசம் 11. கூட்டுத்தொகை 39, அதன் வர்க்கமூலம் சுமார் 6.24, இரட்டித்தால் சுமார் 12.5. ஆக 11 போதாது. 14க்கு எதிரே 31 என்றால் வித்தியாசம் 17, எல்லை 13.4. இது நம்பத்தக்கது. கணித ஆசிரியருக்கு இது ஒரு நிமிட வேலை, ஆனாலும் பலர் 11ஐக் கண்டவுடனே முடிவெடுத்துவிடுகிறார்கள். வித்தியாசம் எல்லையைத் தாண்டாவிட்டால் வீடியோ பயனில்லை என்று முடிவாகாது. இத்தனை பேரை வைத்துச் சொல்ல முடியவில்லை என்பது மட்டுமே பொருள். இன்னொரு தவணைக்கும் நடத்தி இரண்டு தவணைக் கணக்கையும் சேர்க்கலாம்.

இதன் குறை கசிவு. வீடியோ போகாத தோட்டத்துக்கும் சித்தி பெரியம்மா வழியாக அது போய்விடும். கசிவு இருந்தால் வித்தியாசம் உண்மையைவிடச் சிறிதாகத்தான் தெரியும். ஆகவே கசிந்த பின்னும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் அதை இன்னும் தைரியமாக நம்பலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு

முதலிரண்டு முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்று எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக வைத்த எண்கள். எட்டு வாரம், ஆறு வீடியோ, 41,000 பார்வை. குறியோடு 118 வாட்ஸ்அப் செய்தி. அதில் 27 ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்தவை. 14 கொழும்பிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் இணைய வகுப்பு உண்டா என்று கேட்டவை. மிச்சம் 77. அவர்களில் 31 பேர் ஒரு தடவையாவது வந்தார்கள், 19 பேர் மூன்றாம் வகுப்பைத் தாண்டினார்கள்.

பதிவேட்டில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய புதியவர்கள் மொத்தம் 52. குறியில்லாத 33 பேரிடம் படத்தாளைக் காட்டியபோது 11 பேர் உண்மை வீடியோக்களைக் காட்டினார்கள். அந்த 11 பேரில் இருவர் போடாத படத்தையும் சேர்த்துக் காட்டியதால் அவர்களை விலக்கினால் 9. ஆக வீடியோவைத் தொட்டு வந்தவர்கள் 19உம் 9உம் சேர்ந்து 28. இரண்டாம் கேள்வியில், குறியோடு வந்த 19 பேரில் 8 பேர் அண்ணன், அக்கா அல்லது மச்சான் சொல்லி முடிவெடுத்ததாகச் சொன்னார்கள். எஞ்சியவர் 11. படத்தாள் வழி வந்த 9 பேரில் வீடியோவைப் பார்த்து முடிவெடுத்தவர் 3. ஆக 14.

இந்த 14க்கும் 28க்கும் இடையில்தான் பதில் இருக்கிறது. ஒரே எண்ணாகச் சொல்ல ஆசைப்படாமல் இரண்டையும் எழுதி வையுங்கள். 52 பேரில் குறைந்தது 14 பேர் வீடியோவால் மனம் வைத்தார்கள், அதிகபட்சம் 28 பேரின் பாதையில் வீடியோ இருந்தது. வீடியோ செய்வதைத் தொடரலாம் என்று முடிவெடுக்க 14 என்ற கீழ் எண்ணே போதுமானதா என்று பாருங்கள். போதுமென்றால் மேலே அளக்க வேண்டியதில்லை.

வீடியோ வாரியாகப் பிரித்தால் இன்னும் பயன். பின்னக் கணக்கொன்றை 14 நிமிடம் படிப்படியாகச் செய்து காட்டிய மூன்றாம் வீடியோவுக்கு 2,300 பார்வைதான், ஆனால் 19 பேரில் 9 பேர் அதன் குறியோடு வந்தவர்கள். நாற்பது வினாடி ஷோர்ட்ஸுக்கு 22,000 பார்வை, குறியோடு ஒருவரும் இல்லை. அங்கே இணைப்பு திறக்காது என்பது நமக்குத் தெரியும், ஆகவே படத்தாளைப் பார்க்கிறோம். 9 பேரில் 5 பேர் அதைக் காட்டியிருக்கிறார்கள். ஷோர்ட்ஸ் முகத்தை அறிமுகம் செய்கிறது, நீண்ட வீடியோ விசாரிக்க வைக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஐந்து பேரை வைத்து அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டோம்.

நாங்கள் அதிகம் மதிக்கும் எண் இன்னொன்று. வந்த 31 பேரில் 19 பேர் போக, மூன்றாம் வகுப்புக்கு முன்னரே நின்றுபோன 12 பேர். தோட்டம் வாரியாகப் பார்த்து, அவர்களில் 7 பேர் மஸ்கெலியாப் பக்கம் என்றால் வீடியோவையும் பாடத்தையும் குறை சொல்ல வேண்டாம். வகுப்பு முடியும் நேரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போகும் பஸ்ஸை விசாரியுங்கள். பெண் பிள்ளையை இருட்டில் மலைப்பாதையில் நடக்க விட எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். அரை மணி நேரம் முன்னால் முடித்தாலே அந்த ஏழு இடங்களில் பாதி திரும்பக்கூடும். எந்த வீடியோவும் செய்ய முடியாத வேலை அது.

எதைத் தெரிவு செய்வது

வகுப்பில் இருநூறு பேருக்குக் குறைவாக இருந்தால் வாசல் கேள்வியும் வாட்ஸ்அப் குறியும் சேர்ந்தே போதும். வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் வாசல் கேள்வியை வையுங்கள். வீடியோ பார்க்காமல் வந்தவர்களையும் அது எண்ணுவதால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும். பணம் கட்டி வீடியோவைப் பரப்ப நினைத்தால், முதல் ரூபாயைக் கொடுக்கும் முன் ஒரு தவணைக்குத் தோட்டங்களைப் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். இணையப் படிவமும் பகுப்பாய்வும் இணைய வகுப்பு தொடங்கும் நாள்வரை காத்திருக்கட்டும்.

தேவாலய ஆராதனைக்கோ கோயில் பூசைக்கோ நேரலை வைப்பவர்களுக்கு இந்த வரிசை மாறும். அங்கே பதிவேடோ கட்டணமோ இல்லை, வந்தவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் அழகல்ல. முதல் தடவை வந்தவர்கள் விரும்பினால் நிரப்ப ஒரு சிறு அட்டை வைத்து, "முதலில் எங்கே பார்த்தீர்கள்", "யாரோடு வந்தீர்கள்" என்ற இரண்டை மட்டும் கேட்கலாம். அட்டை நிரப்பாதவர்கள் அதிகம் இருப்பார்கள். ஆகவே அட்டையின் எண்ணைக் கீழ் எல்லையாக மட்டும் எடுங்கள். நேரலையை ஓரிரு மாதம் ஒரு கிளைச் சபையில் மட்டும் தொடங்கி, மற்றதோடு தலை எண்ணி ஒப்பிடுவது அங்கே கூடுதல் நம்பகமானது. தீபாவளி, தைப்பொங்கல், நத்தார், பெரிய வியாழன், தேர்த் திருவிழா வாரங்களை இரு பக்கத்திலும் விட்டுவிட வேண்டும். கொழும்பிலிருந்து ஊருக்கு வந்தவர்களால் எண்ணிக்கை ஏறுவது அந்த வாரங்களில்தான்.

பதிவேட்டில் இருப்பவை சிறு பிள்ளைகளின் பெயரும் வீட்டு இலக்கமும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு தாய் நம்பித் தந்த இலக்கம் அது. எதற்காகக் கேட்கிறோம் என்று வாங்கும்போதே சொல்லுங்கள், ஷீட்டின் இணைப்பை யாருக்கும் திறந்து வைக்காதீர்கள். ஆறு வாரக் கணக்கை மூடியதும், வகுப்பில் சேராதவர்களின் இலக்கங்களை அழித்துவிட்டு, குறி, தோட்டம், எத்தனை வகுப்பு என்ற மூன்று நிரல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணையோடு ஒப்பிட அவை போதும்.